மூணு செகண்ட் போதுமா? தூண்டில் ரீல் வீடியோ பற்றி

தொண்டிக்காரன்: "கமிஷன் உண்டுன்னு மூணு செகண்ட் போட்டாச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?" தூண்டில் நரம்பு சுற்றும் ரீலை லிங்க் கொடுத்து வாங்கச் சொல்லி மண்டபம் மாப்ள நேற்று போட்ட வீடியோவுக்குக் கீழே அவரே எழுதியது இது. வீடியோ 45 செகண்ட். கடைசி மூணு செகண்டில், வெள்ளை நுரை மேல மஞ்சள் எழுத்து. அதைப் படிக்கப் பருந்துக் கண் வேணும்.

மண்டபம் மாப்ள: விதியிலேயே மூணு செகண்ட்தான் இருக்கு. படிச்சுட்டு வாங்க.

பாம்பன் காற்று: படிச்சிருக்கேன் தம்பி. மூணு செகண்ட் என்பது 15 செகண்டுக்குள் முடியும் வீடியோவுக்கு. அதைத் தாண்டி இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்த வரி திரையில் நிற்கணும். இரண்டு நிமிடமோ அதுக்கு மேலோ போனால், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. 2021 ஜூனிலிருந்து விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி சொல்வது இதுதான். உங்க 45 செகண்டுக்கு 15 செகண்ட்.

மண்டபம் மாப்ள: மூணு செகண்ட்னு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. அப்புறம், கம்பெனி எனக்கு ஒத்தைப் பைசா தரலை. யாராவது வாங்கினாதான் ஏதோ வரும். இது எப்படி விளம்பரம்?

பாம்பன் காற்று: வாங்கினா வருவதும் காசுதானே. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட கையேட்டில் காசு, இலவசப் பொருள், தள்ளுபடி எல்லாமே சேர்த்தி. பேசுகிற மொழியிலேயே அறிவிப்பும் இருக்கணும் என்கிறது. பொருளைத் தானே பயன்படுத்தியிருக்கணும் என்பதும் அதிலேயே இருக்கு.

கீழக்கரை வாசி: காக்கா, நானும் இப்படி ஒரு வீடியோ பார்த்துத்தான் நண்டு பிடிக்க நெற்றி விளக்கு வாங்கினேன். ரெண்டு ராத்திரி எரிஞ்சுது, அப்புறம் சார்ஜே ஏறலை. திருப்பி அனுப்ப முடியுமா?

தொண்டிக்காரன்: அதை வித்தவங்ககிட்ட கேளுங்க. இங்கே பேச்சு வேற. மாப்ள அந்த ரீலைப் பயன்படுத்தவே இல்லை. 12ஆவது செகண்டில் நிறுத்திப் பாருங்க, கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கு. நரம்பு ஓடும் உருளை கண்ணாடி மாதிரி மின்னுது. நம்ம உப்புக்காற்றில் கொஞ்ச நாள் வீசினா, ஸ்பூலைக் கழற்றும்போது அடியில் வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், உருளை கிறீச்சிடும். இவரோ "பாரை அடிச்சேன்" என்கிறார். பாரைக்குக் கண் வெளுத்துப் போயிருக்கு, ஐஸ் பெட்டியிலிருந்து வந்த மீன்!

மண்டபம் மாப்ள: வயிற்றெரிச்சல். போன வருஷம் நீங்க கருவாடு வித்தீங்களே, பாக்கெட்டில் எடை போட்டீங்களா?

தொண்டிக்காரன்: கருவாட்டை ஏன் இழுக்கிறீங்க? எடை குறைஞ்சுதுன்னு ஒருத்தர் சொல்லட்டும்.

தேவிபட்டினம் மலர்: அண்ணே, அந்த லிங்க்ல வாங்கினா நமக்கு விலை கூடுமா?

பாம்பன் காற்று: பொதுவா கூடாதும்மா. கமிஷனை விற்கிற தளம் தருது. ஆனா அமேசானில் ஒரு விஷயம் உண்டு. லிங்கை அழுத்திட்டு, 24 மணி நேரத்துக்குள் அந்த ரீலுக்குப் பதில் மிக்சி வாங்கினாலும் அவருக்குக் கமிஷன் போகும். அதனால "ஒரு ரீலுக்கு என்ன பெரிசா வந்துடப் போகுது" என்கிற கணக்கு பாதிக்கணக்கு.

இன்னொண்ணு. யூடியூப் ஷார்ட்ஸில் 2023 ஆகஸ்டிலிருந்து விவரத்திலும் கமெண்டிலும் லிங்கைத் தட்டினா திறக்காது. ஆளுங்க நேரா பக்கத்தின் முகப்புக்குப் போய்த் தட்டுறாங்க. விவரத்தில் எழுதி வெச்சதை யார் படிக்கிறாங்க? வீடியோவுக்குள்ளேயே, முதல் வரியாச் சொல்லுங்க: "இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்." வாயாலும் சொல்லுங்க. எழுத்தை மேல் பாதியில் வைங்க, கீழே வெச்சா செயலியின் பொத்தானும் தலைப்பும் மறைச்சுடும். தவறான விளம்பரம்னு முடிவானா அபராதம் 10 லட்சம் வரைக்கும், மறுபடியும் செஞ்சா 50 லட்சம் வரைக்கும் போகலாம்.

மண்டபம் மாப்ள: பத்து லட்சமாம். நான் மொத்தமா சம்பாதிச்சதே வலைக்கு ஈயம் வாங்கக் காணாது. அபராதமெல்லாம் சினிமாக்காரங்களுக்கு.

பாம்பன் காற்று: விதியில் அப்படி எழுதலை.

தேவிபட்டினம் மலர்: ஆனா நம்ம பக்கம் சின்ன ஆளை யாராவது பிடிச்சிருக்காங்களா அண்ணே? அதையும் சொல்லுங்க.

கீழக்கரை வாசி: என் விளக்குக்கு யாரும் பதில் சொல்லலையே.

மண்டபம் மாப்ள: கடைசியா சொல்றேன், மூணு செகண்ட் போட்டாச்சு. போடாம விட்டவன் எத்தனை பேர், அவனையெல்லாம் கேட்டீங்களா?

தொண்டிக்காரன்: சரி, அந்தப் பாரையை எங்கே அடிச்சீங்க? பாலத்துக்கு வடக்கேயா, தெற்கேயா?

மண்டபம் மாப்ள: இடத்தைச் சொன்னா நாளைக்கு விடியறதுக்குள்ள அங்க வந்து உட்கார்ந்திருப்பீங்க. போங்கண்ணே.