இரண்டு ஹவரும் ஒரு அரியரும்: வருகை மார்க்கில் நீங்கள் இழந்தது என்ன?

காலி நோட்டு

கம்ப்யூட்டர் சயின்ஸ், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2008 ரெகுலேஷன். கல்லூரிப் பெயர் வேண்டாம்.

2009-ல் மூன்றாம் செமஸ்டர். அதில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பேப்பர். முந்தின நாள் ராத்திரி படித்தாலே பாஸ் என்று சீனியர்கள் சொன்ன பேப்பர். மதியம் சாப்பாட்டுக்கு அடுத்த ஹவர் அது. கேன்டீனில் இருந்து எழுந்து போக மனம் வராது. அந்த செமஸ்டரில் நடந்த 45 ஹவரில் 10 ஹவர் நான் போகவில்லை. 35 வந்தால் 78 சதவீதம், 75-க்கு மேல் இருக்கிறது, பரீட்சை எழுத விடுவார்கள். அதோடு கணக்கை மூடிவிட்டேன்.

அப்போது இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. அந்த 20-ல் 15 மூன்று டெஸ்டுகளுக்கு, மீதி 5 வருகைக்கு. டெஸ்டில் மொத்தம் 300-க்கு 160, அதாவது 15-க்கு 8. வருகைக்கு 1. ஆக இன்டர்னல் 9.

பரீட்சையில் 80-க்கு 40 வாங்கினேன். பேப்பரில் எடுக்க வேண்டிய குறைந்தபட்சத்தைத் தாண்டிய மார்க்தான் அது. ஆனால் இரண்டையும் கூட்டியும் 50 வர வேண்டும். எனக்கு வந்தது 49.

சைபர் சென்டரில் ரிசல்ட் பார்த்துவிட்டு, ரசீதுக்குப் பின்னால் கணக்குப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. வருகை 81 சதவீதத்தைத் தொட்டிருந்தால் 2 மார்க், மொத்தம் 50, பாஸ். 35-க்குப் பதில் 37 ஹவர் வந்திருந்தால் போதும். கேன்டீனில் இரண்டு மதியம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கரூர் தம்பி

எனக்கும் இதே கதைதான் அண்ணா. டைபாய்டு வந்து 68 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மெடிக்கல் சர்ட்டிபிகேட் வைத்து, பணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்குவதற்குள் அப்பா மூன்று முறை கல்லூரிக்கு அலைந்தார். கடைசியில் எழுதவிட்டார்கள். அதனால் மார்க் எதுவும் போகவில்லை.

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

தம்பி, நீங்கள் சொல்வது வேறு வாசல். 75 என்பது பரீட்சை அறைக்குள் நுழைய. அதற்குக் கீழே போனவர்களுக்குத்தான் சர்ட்டிபிகேட்டும் பணமும். அந்த வாசலைத் தாண்டிய பிறகு, வருகைக்கு மார்க் உண்டா என்பது தனிக் கேள்வி. உங்கள் ரெகுலேஷனில் வருகைக்கு மார்க் இல்லாமல் இருந்திருக்கும், அதனால் போகவில்லை. காலி நோட்டு காலத்தில் இருந்தது. 76 முதல் 80 வரை 1, 81 முதல் 85 வரை 2, அப்படியே ஏறி 96 முதல் 5. 75-ஐத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்த பையனுக்கு ஐந்தில் நாலு ஏற்கெனவே போயிருக்கும். துறைத்தலைவராக நான் இருந்த வருஷங்களில் இதைப் புரிந்துகொண்டு என்னிடம் வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணலாம். புரியாமல் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

45 ஹவர் பேப்பருக்கு ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றோ இரண்டோ விட்டால் 5 நிற்கும். மூன்றாவது ஹவரில் ஒரு மார்க் போகும், நாலாவதில் எதுவும் போகாது. ஐந்தாவதில் இன்னொன்று, ஆறாவதில் இல்லை. இப்படியே இரண்டுக்கு ஒன்று. பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, மூன்றாவது போய்விட்டால் நாலாவதையும் தைரியமாக விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அட்டவணை அப்படி.

லேபில்தான் அடி பலமாக விழும். வாரத்துக்கு ஒருநாள், ஒரே மூச்சில் மூன்று ஹவர். ஒருநாள் விட்டால் மூன்று ஹவர் போய் 93 சதவீதம், மார்க் 4. இரண்டு நாள் விட்டால் 3. மூன்றாவது நாள் விட்டால் சரியாக 80, மார்க் 1. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரே நாள்தான், போவது இரண்டு மார்க்.

மலர்

அஞ்சு மார்க்குக்கு இவ்வளவு கணக்கா? நூறில் அஞ்சு. பரீட்சையில் ஒரு கேள்வி கூடுதலாக எழுதினால் வந்துவிடும். நான் 82 சதவீதம் வருகையோடு எஸ் கிரேடே வாங்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

வாங்கலாம் அம்மா. 82 என்றால் வருகைக்கு 2. மிச்சமெல்லாம் முழுசாக எடுத்தாலும் உங்கள் உச்சம் 97. எஸ் கிரேடுக்கு 91 போதும், ஆக உங்கள் கையில் 6 மார்க் இடம் இருந்தது. முழு வருகை உள்ளவருக்கு 9 மார்க் இடம். நீங்கள் நன்றாகப் படிப்பவர், அந்த ஆறுக்குள் முடித்துவிட்டீர்கள்.

ஆனால் 49-ல் நிற்கிற பையனுக்கு அது நூறில் ஐந்து இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். காலி நோட்டு, உங்கள் 9 அடுத்த முறை என்ன ஆனது?

காலி நோட்டு

அப்படியே 9 தான் சார். அடுத்த செமஸ்டரில் அரியர் எழுதி 52 வாங்கினேன், 61 என்று வந்தது. பேப்பரை மறுபடி எழுதலாம். கேன்டீனில் உட்கார்ந்த மதியத்தை மறுபடி எழுத முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வருகைக்கு அரியர் கிடையாது.

சிகாகோ குளிர்

எங்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. முதுகலையில் வாரம் ஒருமுறை கூடும் செமினார் எடுத்தேன். 14 வாரம். பாட மதிப்பெண்ணில் 20 சதவீதம் வகுப்புப் பங்கேற்புக்கு. ஒவ்வொரு வாரமும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, மிகக் குறைவான ஒரு வாரத்தை விட்டுவிட்டு மீதி 13 வாரத்தைக் கணக்கில் எடுப்பார் பேராசிரியர்.

நான் மூன்று வாரம் போகவில்லை. ஒன்று, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தது. இரண்டு, பனிப்புயல். மூன்றாவதை இங்கே சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தை விட்டுவிடுவார் என்பதால் இரண்டு பூஜ்யம் கணக்கில் ஏறியது. 130-க்கு 20 போனால், மொத்தத்தில் 3 சதவீதம் போச்சு. இனி என்ன செய்தாலும் 97-க்கு மேல் இல்லை. அந்தப் பாடத்தில் ஏ-வுக்கு 93 வேண்டும், பரவாயில்லை என்று இருந்தேன்.

கடைசியில் பங்கேற்பு மார்க் 20-க்கு 13.5 என்று வந்தது. நான் வகுப்புக்குப் போயிருந்த 11 வாரமும் பத்துக்கு எட்டுதான் போட்டிருந்தார். சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகத் தன் குறிப்பைக் காட்டினார். என் பெயருக்கு நேரே எல்லா வாரமும் ‘வந்தார், கேட்டார்’ என்பது மட்டும்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த பிள்ளை நான், அதற்கு அங்கே எட்டு மார்க்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால், போகாத வாரங்கள் தின்றது 20 புள்ளி. போய் வாயை மூடி உட்கார்ந்த வாரங்கள் தின்றது 22.

ராஜி அம்மா

என் மகனுக்குப் பிளஸ் டூவில் இன்டர்னல் பத்துக்கு பத்தும் போட்டுவிட்டார்கள். அவன் அதிகம் லீவு. இதெல்லாம் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடும் மார்க்தானே?

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

பள்ளியில் அப்படி நடப்பதைக் கேட்டிருக்கிறேன் அம்மா. கல்லூரியிலும் டெஸ்ட் மார்க்கில் ஆசிரியர் மனது வைத்தால் ஏதோ செய்வார். வருகை ஹவர் வாரியாகப் பதிவாகிறது, ஐந்து பேப்பர் ஆசிரியர்களின் பதிவையும் ஒருவர் சரிக்கட்ட முடியாது. முடிந்த இடங்களும் உண்டு, அதைப் பற்றி நான் பேசவில்லை.

கரூர் தம்பி

சார், இப்போது என் தம்பிக்கு உதவுங்கள். அவன் தன்னாட்சிக் கல்லூரி. நீங்கள் சொன்ன அதே அட்டவணை அங்கே இருக்கிறது. செமஸ்டர் ஆரம்பித்து ஒரு பேப்பரில் 10 ஹவர் ஆகியிருக்கிறது, காய்ச்சலில் 2 போகவில்லை. ஆப்பில் 80 சதவீதம், சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. ஐந்தில் ஒன்றுதான் வரும், இனி எதற்குப் போகணும் என்று படுத்துக்கொள்கிறான்.

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

எழுப்புங்கள் அவனை. ஆப் காட்டுவது இதுவரை நடந்ததை. அவன் பார்க்க வேண்டியது இனி எவ்வளவு வரை போகலாம் என்பதை. பேப்பர் 45 ஹவர் என்றால், விட்டது 2, மிச்சம் எல்லாம் போனால் 43. அது 95.6 சதவீதம். இன்னொரு நாள் காய்ச்சல் வந்து 2 ஹவர் போனாலும் 91-க்கு மேல் நிற்பான், 4 கிடைக்கும். ஆப் எண் ஏறும், இறங்கும். விட்ட ஹவர் மட்டும் திரும்பி வராது. 45-லிருந்து அதைக் கழித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. 45 நடக்கும் என்பது பாடத்திட்டம் சொல்வது. மழை விடுமுறை, தேர்தல் என்று 40-தான் நடந்தால் அதே இரண்டு ஹவர் 95-க்குக் கொண்டுவந்துவிடும். விட்ட எண்ணிக்கை மாறவில்லை, ஒரு மார்க் போச்சு.

மலர்

95.6 என்றால் 5-ஆ 4-ஆ சார்? அட்டவணையில் 95 வரை 4, 96 முதல் 5. நடுவில் இருப்பவன் எங்கே போவான்?

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

எங்கள் துறையில் முழு எண்ணாக்கி 96 என்று எடுத்தோம். நான் மேலே இரண்டு ஹவர் வரை 5 என்று சொன்னதும் அந்தக் கணக்கில்தான்.

காலி நோட்டு

எங்கள் கல்லூரியில் தசமத்தை வெட்டிவிடுவார்கள் சார், 95.9 இருந்தாலும் 95. ஆனால் எனக்கு 77.8-ஐ 78 என்றுதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். இப்போது யோசித்தால் இரண்டும் எப்படி ஒரே கல்லூரியில் நடந்தது என்று தெரியவில்லை.

சிகாகோ குளிர்

ஓ.டி. எப்படி சார்? சிம்போசியம், விளையாட்டு என்று போனவர்களுக்கு?

மலர்

ஓ.டி. என்றால் பிரசன்ட்தான். ஒன்றும் போகாது.

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

75-க்குக் கணக்குப் பார்க்கும்போது சேர்ப்பார்கள். மார்க்குக்குச் சேர்த்தார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. எங்கள் துறையில் இதைப் பற்றி இரண்டு ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசி, இரண்டிலும் முடிவு எடுக்காமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

கரூர் தம்பி

தம்பி எழுந்துவிட்டான் சார். 43 என்று போன் வால்பேப்பரில் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் நாளைக்கு லேப், அதையும் இதே 45-ல் சேர்ப்பதா தனியாகவா என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்ற எச்.ஓ.டி.

தனி. ஒவ்வொரு பேப்பரும் தனி, லேபும் தனி. நாளைக்குப் போகச் சொல்லுங்கள், அது மூன்று ஹவர்.