இன்டீரியர் மேப்பிங்: சாளரத்துக்குள் தெரியும் இல்லாத அறைக்கு என்ன பெயர்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

கணினி விளையாட்டு உருவாக்கம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து வருகிறேன். இன்டீரியர் மேப்பிங் என்பதற்குச் சொல் தேவைப்படுகிறது. ஒரு தெருவில் தெரியும் நூற்றுக்கணக்கான சாளரங்களுக்குப் பின்னால் உண்மையிலேயே அறைகளைச் செய்து வைக்காமல், தட்டையான வெளிச்சுவரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் என்ற சிறு நிரலைக் கொண்டே அறை இருப்பதுபோலக் காட்டும் உத்தி இது. ஜூஸ்ட் வான் டோங்கன் 2008-இல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். "உட்புற வரைபடமாக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

மடல் 2

தாராளமாகப் பொருந்தும். பெரிய கட்டடங்களுக்குள் வழிகாட்டும் செயலி ஒன்றுக்காகத் தளம் தளமாக அளந்து வரைந்தபோது நாங்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினோம்.

மடல் 3

முந்தைய மடலே அந்தச் சொல்லை விலக்கப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். அது வேறு துறையில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை, அறையின் படம் ஒன்றைச் சாளரத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, பார்ப்பவர் நகரும்போது அதையும் நகர்த்துகிறார்கள். இயற்பியலில் இடமாறு தோற்றம் என்கிறோமே, அதுதான். ஆகவே "இடமாறு படம்" என்று சொல்லலாம்.

மடல் 4

இடமாறு தோற்றம் உண்டாகிறது என்பது சரி. படத்தை நகர்த்துகிறார்கள் என்பது சரியன்று. ஒரே படத்தை நகர்த்தினால், பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு அறையின் பக்கச் சுவர் விரிந்து தெரியாது.

நடப்பது இதுதான். அறை 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் ஆழம் என்று கொள்வோம். சாளரத்தில் இடச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பார்க்கிறோம். பார்வைக் கதிர் 1 மீட்டர் உள்ளே போகும்போது 2 மீட்டர் வலப்புறமும் அரை மீட்டர் கீழும் போகிறது. வலச் சுவரை எட்ட 3-ஐ 2-ஆல் வகுத்தால் 1.5, தரையை எட்ட 3, பின்சுவரை எட்ட 4. மூன்றில் சிறியது 1.5 என்பதால், கண்ணுக்குத் தெரிவது வலச் சுவரில் 1.5 மீட்டர் ஆழத்தில், 0.75 மீட்டர் உயரத்தில் உள்ள புள்ளி. அந்தப் புள்ளியின் நிறத்தைத்தான் ஷேடர் சாளரத்தில் தீட்டுகிறது.

```
vec3 t = (step(0.0, d) * room - p) / d;
float k = min(t.x, min(t.y, t.z));
vec3 hit = p + d * k;
```

இங்கே `p` அறைக்குள் அளந்த சாளரப் புள்ளி, `d` கதிரின் திசை, `room` அறையின் அளவுகள். சாளரப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் சுவர்ப் புள்ளி ஒன்றைப் பொருத்துவதே வேலை. மேப்பிங் என்ற சொல் இங்கே கணிதப் பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறது. எனவே "உள்ளறைப் பொருத்தல்" என்பது என் பரிந்துரை.

மடல் 5

சொல்லைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் இதே உத்தியால் ஒரு வாரத்தை இழந்தவன் நான். அறையின் மூலைகளிலெல்லாம் மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தன. சுவர்ப் படத்தில் கறை இருக்கிறதென்று நினைத்து அதையே திரும்பத் திரும்பத் திருத்தினேன். எவ்வளவு நெருங்கினாலும் கோடு தடிக்காமல் ஓரிரு பிக்சல் அகலத்திலேயே நின்றதைப் பார்த்த பிறகுதான் படத்தில் பிழையில்லை என்று உறைத்தது. ஒரு பிக்சல் பக்கச் சுவரிலும் அடுத்தது பின்சுவரிலும் விழும்போது படத்தின் ஆயங்கள் சட்டென்று தாவுகின்றன. படம் வெகுதூரத்தில் சுருங்கித் தெரிகிறதென்று கிராஃபிக்ஸ் அட்டை எண்ணிக்கொண்டு, மிப்மேப் எனப்படும் சுருக்கிய பிரதிகளில் மிகச் சிறியதை எடுத்துவிடுகிறது. அதன் சராசரி நிறம்தான் அந்தச் சாம்பல். ஆயம் மாறும் வேகத்தைத் தனியே கணக்கிட்டு `textureGrad`-க்குக் கொடுத்ததும் கோடுகள் மறைந்தன.

கட்டடத்தின் மூலை இன்னும் தீரவில்லை. இரு பக்கச் சாளரங்களும் ஒரே அறையைக் காட்ட வேண்டிய இடத்தில், ஒன்றில் விளக்கு எரிகிறது, மற்றதில் இருட்டு. இப்போதைக்கு மூலைச் சாளரங்களுக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறேன்.

மடல் 6

"உள்ளறைப் பொருத்தல்" என்பதைக் கேட்பவர் அலமாரி பொருத்தும் தச்சு வேலையை நினைப்பார் என்பது என் அச்சம். பொய்க்கால், பொய்ப்பல் என்று நம்மிடம் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. "பொய்யறை" என்றால் என்ன? "இந்தச் சுவருக்குப் பொய்யறை வை" என்று வேலையிடத்தில் இயல்பாகச் சொல்லலாம்.

மடல் 4-ஐ எழுதியவரின் மறுமொழி

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் சாளரத்தில் தட்டையான ஒளிப்படத்தை ஒட்டினாலும் அதுவும் பொய்யறைதானே? கதிரைக் கணக்கிட்டுச் சுவரைக் கண்டுபிடிப்பது இந்தச் சொல்லில் இல்லை.

மடல் 1-ஐ எழுதியவரின் மறுமொழி

அறைக்குப் "பொய்யறை" என்றும், அதைத் தீட்டும் முறைக்குப் "பொய்யறைக் கதிர்வரைவு" என்றும் வரைவில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டாவது சற்று நீளம்; இதைவிடச் சுருக்கமாக யாருக்கேனும் தோன்றினால் அத்தியாயம் முடிவதற்குள் மாற்றிக்கொள்கிறேன்.