வேலையை விட்டபின் பி.எஃப். பணத்தை முழுவதும் எடுப்பதா, 58 வயது வரை விட்டுவைப்பதா?

மாலைநேரம் (கேள்வி):
எனக்கு 31 வயது. 4 ஆண்டு 2 மாதம் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து சென்ற மாதம் விலகினேன். சொந்தத் தொழில் முயற்சியில் இருப்பதால், மறுபடி வேலைக்குச் செல்வேனா என்பது எனக்கே தெரியவில்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். பாஸ்புக்கில் என் பங்கு, நிறுவனப் பங்கு, வட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,49,000 ரூபாய் உள்ளது. 14 சதவீத வட்டியில் 2 இலட்ச ரூபாய் தனிநபர் கடன் பாக்கி இருக்கிறது. முழுத் தொகையையும் எடுத்துக் கடனை அடைத்துவிட்டு மீதியைத் தொழிலில் போடலாம் என்பது என் எண்ணம். மூன்று ஆண்டுகள் பங்களிப்பு வராவிட்டால் கணக்குக்கு வட்டியே கிடைக்காது என்று முன்னாள் சக ஊழியர் சொன்னது இந்த எண்ணத்தை இன்னும் அவசரப்படுத்துகிறது. வரி எவ்வளவு போகும்?

பொறுமைசாலி:
ஐந்து ஆண்டு முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். உங்களுக்கு 34,900 ரூபாய். அத்துடன் வேலை முடிந்தது. வருமானமே இல்லாத ஆண்டாகப் பார்த்து எடுத்தால் அதையும் திரும்பப் பெற்றுவிடலாம்.

கணக்கேடு:
பொறுமைசாலி சொன்ன பிடித்தத் தொகை சரி. ஆனால் அது முன்பணம் மட்டுமே, இறுதி வரி அன்று. ஐந்து ஆண்டுத் தொடர்பணி நிறைவதற்குள் எடுத்தால், அந்த நிதி தொடக்கத்திலிருந்தே வரிச்சலுகைக்கு அங்கீகாரம் பெறாத நிதியாக இருந்திருந்தால் நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வரி கட்டியிருப்பீர்கள் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த வேறுபாட்டை இப்போது வசூலிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு. வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று ஆண்டுவாரியாக நிரப்பும் ஓர் அட்டவணையே இருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு வருமானம் குறைவு என்பதால் மட்டும் வரி மறைந்துவிடாது. எடுத்த ஆண்டின் சம்பளமாகவே காட்டிவிடும் தணிக்கையாளர்களும் உண்டு. அந்த வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாலைநேரம் அவர்களே, கணக்கிடுவதற்கு முன் இரண்டு விவரம் தேவை. பழைய வரிமுறையில் பி.எஃப். சேமிப்புக்கான 80சி கழிவைப் பெற்றீர்களா? இதற்கு முன் வேறு எங்காவது பணியாற்றினீர்களா?

மாலைநேரம்:
பழைய முறையில்தான் கணக்குத் தாக்கல் செய்தேன், ஐயா. எல்லா ஆண்டும் 80சி பெற்றேன். 20 சதவீத வரி அடுக்கில் இருந்தேன். இதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் 2 ஆண்டு 1 மாதம் பணி. எல்லா வேலைக்கும் பொதுவான யூஏஎன் எண் ஒன்றுதான், ஆனால் அந்தப் பணம் சுமார் 84,000 ரூபாய், பழைய உறுப்பினர் எண்ணிலேயே கிடக்கிறது. அது சிறிய தொகை என்பதால் கேள்வியில் குறிப்பிடவில்லை.

கணக்கேடு:
அந்தச் சிறிய தொகையில்தான் உங்கள் விடை இருக்கிறது. முந்தைய நிறுவனத்தின் இருப்பு அடுத்த கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால், அங்கு செய்த பணிக்காலமும் ஐந்து ஆண்டுக் கணக்கில் சேரும். மாற்றாமல் அப்படியே கிடந்தால் சேராது. உங்களுக்கு 50 மாதமும் 25 மாதமும் சேர்ந்தால் 75 மாதம், அதாவது 6 ஆண்டு 3 மாதம்.

இப்போதே எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3,49,000 ரூபாயில் நீங்கள் செலுத்தியது 1,80,000. அதன் வட்டி சுமார் 31,000. நிறுவனம் செலுத்தியது 1,17,500. அதன் வட்டி சுமார் 20,500. உங்கள் பங்குக்குப் பெற்ற 80சி கழிவும் திரும்பப் பெறப்படுவதால் நான்கு பகுதியும் வரிக்கு உள்ளாகும். எல்லா ஆண்டும் 20 சதவீத அடுக்கு என்று கொண்டால், கூடுதல் தீர்வையுடன் 20.8 சதவீதம், சுமார் 72,600 ரூபாய். பழைய இருப்பை மாற்றியபின் எடுத்தால் இந்த வரி இல்லை.

பி.எஃப். இணையதளத்தில் `One Member – One EPF Account` என்ற பகுதியில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் விலகல் தேதி பதிவாகாமல் இருந்தாலோ, அது புதிய நிறுவனத்தில் சேர்ந்த தேதிக்குப் பின்னதாக இருந்தாலோ விண்ணப்பம் தடைபடக்கூடும். மாற்றம் முடிந்ததற்கு அடையாளம், கடைசிக் கணக்கின் பாஸ்புக்கில் 84,000 ரூபாய் மாற்று வரவாகத் தெரிவதே. அதைக் கண்ணால் காணாமல் பணம் எடுக்க விண்ணப்பிக்க வேண்டாம்.

தென்றல்:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை வட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. விலகல் தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து `Mark Exit` வழியாக நானே பதிவு செய்தேன். இந்தப் பணம் வரியில்லாமல் வளர்கிறது என்பதே எனக்கு ஆறுதல்.

கணக்கேடு:
மூன்று ஆண்டு பற்றிய அச்சத்துக்குத் தென்றல் அம்மாவின் பாஸ்புக்கே பதில். 2011 முதல் அப்படி வட்டியை நிறுத்தியது உண்மைதான். 2016 நவம்பரில் விதி மாறிவிட்டது. இப்போது 55 வயதுக்குப் பின் ஓய்வுபெற்றவர், நிரந்தரமாக வெளிநாடு சென்றவர், இறந்தவர் ஆகியோரின் கணக்குகளே, 36 மாதம் வரை பணம் கேட்கப்படாவிட்டால், வட்டி இல்லாத செயலற்ற கணக்குகள் ஆகின்றன.

ஆனால் வரியில்லாமல் வளர்கிறது என்பது சரியன்று. வேலையை விட்ட நாளுக்குப் பின் சேரும் வட்டிக்கு விலக்கு இல்லை என்று 2017-இல் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2002-இல் ஓய்வுபெற்று 2011-இல் பணம் எடுத்த ஒருவரின் வழக்கு அது.

மாலைநேரம் அவர்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், இரண்டு கணக்கும் சேர்ந்த 4,33,000 ரூபாயை 58 வயது வரை 27 ஆண்டுகள் விட்டுவைத்து, 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு அறிவித்த 8.25 சதவீதமே நீடிப்பதாகக் கொண்டால் சுமார் 36.8 இலட்சம் ஆகும். வட்டிக்கு ஆண்டுதோறும் 20.8 சதவீத வரியைக் கழித்துப் பார்த்தால் உண்மையான வளர்ச்சி 6.5 சதவீதத்துக்குச் சற்று மேல். தொகை சுமார் 23.9 இலட்சம். வட்டி விகிதம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது. 2021-22-இல் அது 8.1 ஆக இருந்தது.

ஆகவே 14 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு இந்தப் பணத்தைக் காப்பாற்றுவதில் இலாபம் இல்லை. முதலில் கணக்கை மாற்றுங்கள், பிறகு வேலையின்மையைக் காரணமாகக் காட்டி 75 சதவீதம் வரை எடுக்கும் வாய்ப்பில் கடனுக்கு வேண்டிய 2 இலட்சத்தை மட்டும் எடுங்கள், மீதியை விட்டுவையுங்கள். பின்னர் வேலையில் சேர்ந்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பொறுமைசாலி:
டிடிஎஸ்தான் இறுதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், திருத்தியதற்கு நன்றி. ஒன்றைச் சேர்க்கிறேன்: முழுத் தொகையை எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைநேரம்:
விலகல் தேதிகளைப் பார்த்தேன். பழைய நிறுவனத்தின் தேதி, புதியதில் சேர்ந்ததற்கு நான்கு நாள் பின்னதாகப் பதிவாகியிருக்கிறது. முதலில் அதைத் திருத்தித் தருமாறு கடிதம் எழுதுகிறேன். தொழிலுக்கான பணத்தை வேறு வழியில் பார்க்க வேண்டும்.

தென்றல்:
என் ஆறு ஆண்டு வட்டியை ஒவ்வோர் ஆண்டும் காட்டியிருக்க வேண்டுமா, எடுக்கும் ஆண்டில் மொத்தமாகக் காட்டலாமா?

கணக்கேடு:
ஆண்டுதோறும் காட்டுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. எடுக்கும்போது காட்டினால் போதும் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். உங்கள் ஆண்டு வட்டி எவ்வளவு, வேறு வருமானம் உண்டா என்பதைக் குறிப்பிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.