தலைப்புக்குக் கீழே வரும் அந்தச் சாம்பல் வரி: உங்கள் அனுபவம் என்ன?

நெய்தல்

உப்புவெளியில் பெரியம்மா குடும்பம் நடத்தும் சின்ன விடுதிக்கு மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு. முன்பு வந்து தங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறோம். அதில் பாதிக்கு மேல் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் எங்கள் சனம். ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போவது என்று அவர்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே முடிவெடுத்துவிடுவார்கள். அந்த நேரத்துக் கடிதத்தைத் திறக்காமல் விட்டால் பிறகு எழுதிப் பயனில்லை.

போனில் முதலில் தெரிவது அனுப்புபவர் பெயர், தலைப்பு, அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. எங்கள் கடிதத்தில் அந்த வரி இப்படி இருந்தது: "சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் பார்க்க இங்கே அழுத்தவும்." வடிவமைத்துத் தந்தவர் வார்ப்புருவின் உச்சியில் இருந்ததை அப்படியே விட்டிருந்தார். அதை எடுத்துவிட்டு எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். இப்போது "logo_final2" என்று வந்தது. படம் இறங்காவிட்டால் காட்டுவதற்காக இலச்சினைப் படத்துக்கு யாரோ வைத்த மாற்று எழுத்து அது. முன்னோட்டத்துக்கு என்று நாங்கள் ஒன்றும் எழுதாவிட்டால், கடிதத்தின் உடலில் முதலில் அகப்படும் எழுத்தை அஞ்சல் செயலி அள்ளிப் போட்டுவிடுகிறது.

அப்புறம் முன்னோட்ட வரியை நாங்களே எழுதினோம். தலைப்பு: "ஆகஸ்ட் அறைகள், உப்புவெளி". பெரியம்மா மகன் எழுதித் தந்த வரி: "கடந்த ஆண்டு எங்களுடன் தங்கி மகிழ்ந்த உங்களுக்காக ஆகஸ்ட் மாத அறைகளின் முன்பதிவை இப்போது ஆரம்பித்துள்ளோம்". நல்ல வசனம்தான். ஆனால் போனில் "கடந்த ஆண்டு எங்களுடன் தங்கி மகிழ்ந்த…" என்பதோடு அறுந்துவிட்டது. எங்கள் வசனத்தில் வினை கடைசியில்தான் வரும். வெட்டு விழுந்தால் முதலில் போவதும் அதுதான். மிச்சமிருந்த பாதியும் தலைப்பில் சொன்னதையே திருப்பிச் சொன்னது.

நான் அதை இரண்டு குட்டி வசனமாக்கினேன்: "குடும்ப அறை இரண்டுதான் மிச்சம். புறாத்தீவுப் படகும் ஓடத் தொடங்கிவிட்டது." இரண்டாவது வெட்டுப்பட்டாலும் முதலாவது முழுதாக நிற்கும். டொரொன்டோவிலிருந்து ஒரு அக்கா, "அந்த இரண்டில் கடல் பக்கத்து அறை இருக்கிறதா?" என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார். அறை எண்ணிக்கையைச் சாம்பல் வரியிலும் கடிதத்தின் முதல் வரியிலும் மட்டும்தான் எழுதியிருந்தேன். உங்களுக்கெல்லாம் எப்படி?

கடைக்குட்டி

அக்கா, இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. தலைப்பை நீளமாக வைத்தால் அந்தச் சாம்பல் எழுத்துக்கு இடமே இருக்காது. எங்கள் கடையில் அப்படித்தான் செய்கிறோம், ஜிமெயிலில் ஒன்றும் தெரிவதில்லை.

பின்வாசல்

தம்பி, நீங்கள் பார்த்தது கணினியில். அங்கே ஜிமெயில் தலைப்பையும் முன்னோட்டத்தையும் ஒரே வரிசையில் அடுக்கும், தலைப்பு நீண்டால் மற்றது ஒதுங்கும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. போனில் முன்னோட்டத்துக்குத் தனி வரி உண்டு. அங்கே உங்கள் நீளத் தலைப்பு வெட்டுப்படும், கீழே "உலாவியில் பார்க்க" அப்படியே நிற்கும். ஐபோனின் மெயில் செயலி சாதாரணமாக இரண்டு வரி காட்டும், வேண்டுமென்றால் ஐந்து வரை கூட்டலாம், இல்லாமலும் ஆக்கலாம். எனவே இத்தனை எழுத்து என்று ஒரு கணக்கில் நிற்க முடியாது. அதிலும் தமிழ் எழுத்து அகலம் கூட. "கோ" என்பதைக் கணினி இரண்டு எழுத்தாக எண்ணும். எண்ணிக்கை காட்டும் கருவியை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

நெய்தல், ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் வரி குட்டி. இடம் மிச்சமிருந்தால் அதன் வாலில் உடலில் உள்ள அடுத்த எழுத்து வந்து ஒட்டும். "…ஓடத் தொடங்கிவிட்டது. logo_final2" என்று. அந்த மாற்று எழுத்தில் விடுதியின் பெயரை வையுங்கள். வாலை மறைக்க, உடலின் உச்சியில் இப்படிப் போடலாம்:

```html
<div style="display:none;max-height:0;overflow:hidden;mso-hide:all;">
குடும்ப அறை இரண்டுதான் மிச்சம். புறாத்தீவுப் படகும் ஓடத் தொடங்கிவிட்டது.
͏‌ ͏‌ ͏‌ 
</div>
```

கடைசி வரியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நிரப்பு. மூன்று போதாது, அதையே பல தடவை ஒட்ட வேண்டும். `mso-hide` அவுட்லுக்குக்காக. இந்த நிரப்பை எல்லாச் செயலியும் ஒரே மாதிரி மதிப்பதில்லை, அதனால் சோதனை அஞ்சல் அனுப்பாமல் விடாதீர்கள். மெயில்சிம்ப் போன்றவற்றில் `Preview text` என்றே ஒரு பெட்டி இருக்கும், பலர் அதைக் காலியாக விட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டியூஷன் சேர்

நல்ல விஷயம். நான் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புகிறேன். கீழே வரும் பெட்டியில் பழைய படம் ஒன்று வருகிறது. இந்த கோட் வரிகளை எங்கே போடுவது?

பின்வாசல்

சேர், அது வேறு. உங்கள் பக்கத்தில் உள்ள `og:image`, `og:description` ஆகியவற்றை வாட்ஸ்அப் எடுத்துக் காட்டுகிறது. மாற்ற வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். மின்னஞ்சலுக்கான இந்த வழி அங்கே உதவாது.

கடைக்குட்டி

சரி, போன் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் முன்னோட்டத்தில் "உங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது" என்று போட்டோம். திறந்தவர்களின் வீதம் ஒரேயடியாக ஏறிவிட்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நெய்தல்

உள்ளே உண்மையில் கட்டண விஷயம் இருந்ததா தம்பி?

கடைக்குட்டி

இல்லை. தீபாவளித் தள்ளுபடி.

பின்வாசல்

திறந்த கையோடு எத்தனை பேர் பட்டியலிலிருந்து விலகினார்கள், எத்தனை பேர் ஸ்பாம் என்று அழுத்தினார்கள் என்று பாருங்கள். இன்னொன்று, அந்தத் திறப்பு வீதத்தை முழுதாக நம்ப வேண்டாம். 2021 செப்டெம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்குக் கடிதத்தின் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். படம் இறங்குவதை வைத்துத்தான் திறப்பை எண்ணுகிறார்கள் என்பதால், ஆள் திறக்காமலே "திறந்தார்" என்று கணக்கு விழும். வெளிநாட்டில் ஐபோன் வைத்திருப்போர் அதிகமுள்ள பட்டியலில் இது பெரிதாகத் தெரியும். நெய்தல் சொன்னது போல, முன்னோட்டத்தில் உள்ள விவரத்தைப் பிடித்துக்கொண்டு பதிலோ முன்பதிவோ வருகிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான அளவு.

பழைய மாணவன்

எனக்கு கோட் ஒன்றும் தெரியாது. பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்குச் சாதாரண ஜிமெயிலில்தான் கடிதம் அனுப்புகிறேன். எங்கள் முதல் வரி எப்போதும் இதுதான்: "அன்புடையீர், வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமுடன் வாழ இறைவனைப் பிரார்த்திக்கிறோம்." பெட்டியில் எல்லாக் கடிதமும் ஒரே முகத்தோடு நிற்கிறது. பொதுக்கூட்டமா, மரண அறிவித்தலா, சந்தாவா என்று திறந்தால்தான் தெரியும். தலைப்பும் எப்போதும் "சங்க அறிவித்தல்". சுருக்கலாம் என்றால் தலைவர் ஐயா விடமாட்டார். மரியாதை போய்விடுமாம்.

நெய்தல்

சாதாரண ஜிமெயிலில் மறைத்து வைக்க வழியில்லை அண்ணா, முதல் வரியேதான் முன்னோட்டம். "வணக்கம்." என்று ஒரு சொல்லோடு நிறுத்தி, உடனே "பொதுக்கூட்டம் ஞாயிறு காலை 9 மணி, பிரதான மண்டபம்." என்று எழுதுங்கள். பிரார்த்தனையை அடுத்த பந்தியில் வைக்கலாமே. ஐயாவின் வசனத்தில் ஒரு எழுத்தும் குறையாது.

பழைய மாணவன்

கேட்டுப் பார்த்தேன். "வணக்கம் சொன்ன வாயால் உடனே மணியையும் மண்டபத்தையும் சொல்வதா?" என்கிறார். தலைப்பை மட்டும் "பொதுக்கூட்டம், ஞாயிறு 9 மணி" என்று மாற்றச் சம்மதித்திருக்கிறார்.

பின்வாசல்

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வயதானவர்கள் பலர் அந்த முதல் வரியைப் பார்த்துத்தான் இது சங்கத்துக் கடிதம் என்று அடையாளம் காண்கிறார்கள். ஆனால் அந்த வேலையை அனுப்புபவர் பெயரே செய்யலாம். இப்போது அதில் என்ன வருகிறது, உங்கள் பெயரா, சங்கத்தின் பெயரா?

பழைய மாணவன்

என் பெயர்தான். அதையும் கூட்டத்தில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.