வால் நிகழ்ச்சியா, தொடக்கம்சாரா நிகழ்ச்சியா? (கலைச்சொல் இழை)

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை நிகழ்தகவுக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோல்மோகோரோவின் பூஜ்ஜியம்-ஒன்று விதியில் ஒரு சொல்லுக்கு முட்டி நிற்கிறேன். நாணயத்தை முடிவில்லாமல் சுண்டிக்கொண்டே போகிறோம். முதல் ஆயிரம் சுண்டல்களின் விடைகளை யாராவது அழித்து வேறு எழுதினாலும், முதல் கோடியை மாற்றினாலும், நடந்ததா இல்லையா என்ற தீர்ப்பு மாறாத நிகழ்ச்சிகள் உண்டு. "தலை முடிவின்றிப் பலமுறை விழுகிறது" என்பது ஒன்று. "தலைகளின் விகிதம் 1/2-ஐ நெருங்குகிறது" என்பது இன்னொன்று. சுண்டல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இப்படிப்பட்ட நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 அல்லது 1; இடையில் எதுவும் கிடையாது. இந்த வகை நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வாலை வைத்துப் பெயர். தமிழில் "வால் நிகழ்ச்சி" என்றே போட்டுவிடலாமா?

பள்ளிப் பாடநூலில் இருக்கும் நிகழ்ச்சி, கூறுவெளி, சார்பிலா ஆகிய சொற்களை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவற்றை மாற்றும் யோசனை வேண்டாம், தயவுசெய்து.

கதிரேசன் எழுதியது:

மீனாட்சி அம்மா, வால் வேண்டாம். பரவலின் இரு ஓரங்களையும் வால் என்றுதான் சொல்கிறோம். "வால் நிகழ்ச்சி" என்றால் அரிதாக நடக்கும் பெருவெள்ளம், பங்குச்சந்தைச் சரிவு என்று மாணவர் நினைப்பார். இங்கே பேசுவது அதற்கு நேர்மாறு. தலை முடிவின்றி விழுவது அரிதே அல்ல, உறுதி. "ஈற்று நிகழ்ச்சி"யும் ஆகாது. ஈறு என்றால் கடைசி, இந்தத் தொடருக்குக் கடைசியே இல்லையே.

என் பரிந்துரை தொடக்கம்சாரா நிகழ்ச்சி. சொல்லைக் கேட்டாலே பொருள் புரியும். எடுத்துக்காட்டாக, தலைக்கு +1, பூவுக்கு −1 என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். n சுண்டல் முடிந்தபின் கூட்டுத்தொகை S_n. "S_n முடிவின்றிப் பலமுறை பூஜ்ஜியத்தைத் தொடும்" என்பது தொடக்கம்சாரா நிகழ்ச்சி, அதன் நிகழ்தகவு 1. முதல் சில சுண்டல்கள் எப்படிப் போனால் என்ன, பிறகு சமமாகிவிடும் அல்லவா?

ராஜி எழுதியது:

கதிரேசன் ஐயா, சொல்லைப் பற்றிப் பிறகு வருகிறேன். எடுத்துக்காட்டு தவறு. நிகழ்தகவு 1 என்பது சரி, ஆனால் இது அந்த வகை நிகழ்ச்சி அல்ல.

தலை, பூ, தலை, பூ என்று மாறி மாறி வரும் ஒரு தொடரை எடுங்கள். S_n-இன் மதிப்புகள் 1, 0, 1, 0, 1, 0… ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்ஜியம்தான். இப்போது முதல் சுண்டலை மட்டும் பூ என்று திருத்துங்கள். மதிப்புகள் −1, −2, −1, −2… என்று போகும். பூஜ்ஜியம் ஒருமுறைகூட வராது. ஒரே ஒரு சுண்டலைத் தொட்டதும் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. "பிறகு சமமாகிவிடும்" என்று நீங்கள் சொல்வது நிகழ்தகவு பற்றிய கூற்று. வரையறை கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு தொடருக்கும், எந்த முடிவுள்ள தொடக்கத்தை மாற்றினாலும், தீர்ப்பு மாறக்கூடாது.

சரியான எடுத்துக்காட்டு வேண்டுமானால் S_n-ஐ √n-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முதல் k சுண்டல்களை எப்படி மாற்றினாலும் S_n அதிகபட்சம் 2k நகரும். √n பெரிதாகப் பெரிதாக அந்த 2k கரைந்துபோகும். ஆகவே "S_n/√n-இன் மேலெல்லை குறைந்தது 1" என்பது அசல் வால் நிகழ்ச்சி. (மேலெல்லை என்று நான் சொல்வது, தொடர் திரும்பத் திரும்ப எட்டிப்பிடிக்கும் மதிப்புகளில் மிகப் பெரியது.) அதன் நிகழ்தகவு என்ன? n பெரிதாக இருக்கும்போது S_n, √n-ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 0.16. ஒவ்வொரு பெரிய n-லும் 0.16 இருக்கிறதென்றால், முடிவின்றிப் பல n-களில் தாண்டும் வாய்ப்பு அதற்குக் கீழே போகாது. எனவே நம் நிகழ்ச்சியின் நிகழ்தகவும் குறைந்தது 0.16. விதியின்படி 0 அல்லது 1 தான் ஆகமுடியும், 0 இல்லை, ஆக 1. கணக்கு அவ்வளவுதான்.

1-க்குப் பதில் 3 என்று வைத்தாலும் இதே கதை. அப்போது வாய்ப்பு 0.00135 தான், ஆனால் பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்தால் போதும். எந்த எண்ணை வைத்தாலும் நடக்கும் என்பதால் S_n எல்லையில்லாமல் மேலே ஏறும். சமச்சீரால் எல்லையில்லாமல் கீழேயும் இறங்கும். ஒவ்வோர் அடியும் ±1 தானே, மேலிருந்து கீழே போக பூஜ்ஜியத்தை மிதித்தே ஆகவேண்டும். உங்கள் நிகழ்ச்சி இப்படித்தான் 1 ஆகிறது, வால் நிகழ்ச்சியாக இருப்பதால் அல்ல.

சிவா எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். மேலே சொன்னதை வைத்து இதை ஓட்டிப் பார்த்தேன்:

```python
import numpy as np
s = np.cumsum(np.random.choice([-1, 1], 10**6))
print(np.where(s == 0)[0][-1] + 1)
```

கடைசியாகப் பூஜ்ஜியம் தொட்ட இடம் 40,000-க்குப் பக்கத்தில். அதன்பின் பத்து லட்சம் வரை தொடவே இல்லை. நிகழ்தகவு 1 என்கிறீர்களே, random-இல் ஏதும் கோளாறா? சொல்லுக்கு "உறுதி நிகழ்ச்சி" என்று வைத்தால் என்ன?

ராஜி எழுதியது:

கோளாறு இல்லை சிவா. N சுண்டல்களில் கடைசிப் பூஜ்ஜியம் முதல் x பங்குக்குள் விழுந்துவிடும் வாய்ப்பு, N பெரிதாக இருக்கும்போது, (2/π)·arcsin √x. x = 0.04 போட்டால் 0.128. எட்டு ஓட்டத்தில் ஒன்று உங்களுடையதைப் போலவோ அதைவிட மோசமாகவோதான் இருக்கும். பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது உறுதி, ஆனால் திரும்ப எடுக்கும் சராசரி நேரம் முடிவிலி. அந்த நீண்ட இடைவெளிதான் உங்கள் திரையில் தெரிவது.

அதைவிட முக்கியம், வால் நிகழ்ச்சியை நிரலால் சோதிக்கவே முடியாது. பத்து லட்சம் என்பதும் ஒரு தொடக்கம்தான். அதை மாற்றினாலும் தீர்ப்பு மாறாது என்பதுதானே வரையறை. பத்து லட்சமும் பூவாகவே விழுந்தாலும் "தலை முடிவின்றி விழும்" என்பதற்கு எதிராக அது எதையும் காட்டாது.

"உறுதி நிகழ்ச்சி" கூடாது. பாடநூலில் அது கூறுவெளி முழுவதையும் குறிக்கிறது. அத்துடன் நிகழ்தகவு 0 ஆகும் வால் நிகழ்ச்சிகளும் உண்டு: "ஒரு கட்டத்துக்குப்பின் பூவே விழாது" என்பது அப்படிப்பட்டது.

கதிரேசன் எழுதியது:

> ஒரே ஒரு சுண்டலைத் தொட்டதும் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவே என் சொல்லுக்குத்தான் வலு சேர்க்கிறது. பூஜ்ஜியம் தொடுவது தொடக்கத்தைச் சார்ந்திருக்கிறது, எனவே தொடக்கம்சாராதது அல்ல. ஆனால் முதல் சில சுண்டல்களை இடம் மாற்றி அடுக்கினால் அந்தத் தீர்ப்பு மாறாது, ஏனென்றால் கூட்டுத்தொகை அதேதான். அதற்கு வரிசைசாரா நிகழ்ச்சி என்று பெயர் வைக்கலாம். ஜோடியாக நிற்கும்.

ராஜி எழுதியது:

அது நல்ல சொல். அந்த வகைக்கும் 0-1 விதி உண்டு: ஹெவிட், சாவேஜ் இருவரும் 1955-இல் நிறுவியது. ஆனால் அதற்குச் சுண்டல்கள் சார்பிலாதவையாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாச் சுண்டலுக்கும் ஒரே நாணயம் வேண்டும். கோல்மோகோரோவின் விதிக்கு அது தேவையில்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நாணயத்தைச் சுண்டலாம்.

"தொடக்கம்சாரா"வில் எனக்கு இருக்கும் தயக்கம் "சாரா" என்பதில். நிகழ்தகவில் சார்பிலா என்றால் பெருக்கல் விதி. மாணவர் இதையும் அப்படியே படிப்பார். விதியின் நிறுவல் அந்தப் பொருளைத்தான் பயன்படுத்துகிறது: A என்பது முதல் n சுண்டல்களுக்குச் சார்பிலாதது, எந்த n-க்கும்; ஆகவே எல்லாச் சுண்டல்களுக்கும்; A-யும் அவற்றால் ஆனதே என்பதால் தனக்கே சார்பிலாதது. P(A) = P(A)², எனவே 0 அல்லது 1. இந்த இடத்தில் சொல் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது சுண்டல்கள் சார்பிலாதவை என்பதால் கிடைத்த முடிவு, வரையறை அல்ல.

சார்பின்மை போனால் இரண்டும் பிரிந்துவிடும். பையில் இரண்டு நாணயங்கள். ஒன்று சீரானது, மற்றது 3/4 வாய்ப்பில் தலை விழுவது. கண்ணை மூடி ஒன்றை எடுத்து, அதையே முடிவில்லாமல் சுண்டுங்கள். "விகிதம் 1/2-ஐ நெருங்கும்" என்பது இப்போதும் வால் நிகழ்ச்சிதான். தொடக்கத்தை மாற்றி எழுதினால் எல்லை நகராது. ஆனால் அதன் நிகழ்தகவு 1/2. முதல் பத்தில் ஒன்பது தலை விழுந்துவிட்டால் கோணல் நாணயத்தின் பக்கம் 19-க்கு 1 என்று சாய்ந்து, அந்த நிகழ்தகவு 0.05 அளவுக்கு இறங்கிவிடும். தொடக்கத்தைப் பார்த்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிற ஒன்றைத் "தொடக்கம்சாரா" என்று எப்படி அழைப்பது? மாணவர் தேர்வில் தவறுவதும் இங்கேதான்: வால் நிகழ்ச்சி என்று கண்டதும், சுண்டல்கள் சார்பிலாதவையா என்று பார்க்காமல் 0 அல்லது 1 என்று எழுதிவிடுவார்கள்.

கதிரேசன் எழுதியது:

சரி, "சாரா" வேண்டாம் என்றால் "மாறா". மாற்றத்தைத்தான் பேசுகிறோம். "தொடக்கமாற்றம் தாங்கும் நிகழ்ச்சி" நீளம். "வால் மாறா" என்றால் எதுவும் புரியாது. இன்னும் யோசிக்கிறேன். "வரிசைசாரா"வையும் அப்போது "வரிசைமாறா" என்று திருத்த முடியாது. அது வரிசையே மாறாதது என்று பொருள்படும்.

மீனாட்சி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கோல்மோகோரோவ் இந்த விதியை 1933 நூலின் பின்னிணைப்பில்தான் வைத்தார், அங்கே இந்த வாலே இல்லை என்பதால் நமக்கும் கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் ராஜி சொன்ன பை எடுத்துக்காட்டுக்குப் பிறகு "சாரா"வை வரையறையில் வைக்க எனக்குத் துணிவில்லை. இப்போதைக்குக் குறிப்பில் "வால் நிகழ்ச்சி" என்று போட்டு, "வால் என்பது தொடரின் வால், பரவலின் வால் அல்ல, நாணயத்தில் தலைக்கு எதிர்ப்பக்கமும் அல்ல" என்று ஒரு வரி சேர்க்கிறேன். கடைசி எச்சரிக்கை ஆங்கில நூலையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு. பூவா தலையா போடும் நமக்கு அந்தக் குழப்பம் வர வழியில்லை. ஹெவிட்-சாவேஜ் பகுதிக்கு "வரிசைசாரா"வை எடுத்துக்கொள்கிறேன். அங்கும் "சாரா" உறுத்துகிறதா ராஜி?

ராஜி எழுதியது:

உறுத்துகிறது, ஆனால் குறைவாக. வரிசை என்பது நிகழ்ச்சி அல்லவே, அதோடு பெருக்கல் விதி பேச யாருக்கும் தோன்றாது. பை எடுத்துக்காட்டை அந்தப் பகுதியிலும் போடுங்கள். நிகழ்தகவு 1/2 உள்ள வரிசைசாரா நிகழ்ச்சியாகவும் அதுவே நிற்கும்.