10.5-உம் 11-உம் ஒன்றா? பழுது மின்னோட்டக் கணக்கில் ஒரு சண்டை

சுங்கை சிப்புட் மாணவி: பயிற்சித் தாளில் வந்த கேள்வி இது. ஜெனரேட்டர் 20 எம்.வி.ஏ., 10.5 கிலோவோல்ட், ரியாக்டன்ஸ் 0.16. மின்மாற்றி 25 எம்.வி.ஏ., 11/33 கிலோவோல்ட், 10 விழுக்காடு. அதற்கு அப்பால் 4.356 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள கம்பி. கம்பியின் கடைசியில் மும்முனைப் பழுது ஏற்பட்டால் மின்னோட்டம் எவ்வளவு? டியூஷனில் 1093 ஆம்பியர் என்றார்கள். எனக்கு 1144 வருகிறது. எது சரி?

ஓய்வுபெற்ற பொறியாளர்: உன்னுடையதுதான், தங்கச்சி. 1093 என்று சொன்னவர் எல்லாக் கருவிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் அடிப்படை மதிப்பை எழுதாமலே கணக்கைத் தொடங்கியிருக்கிறார். முதல் வரியில் 25 எம்.வி.ஏ., கம்பிப் பக்கம் 33 கிலோவோல்ட் என்று எழுத வேண்டும். அதை எழுதிய கணமே ஜெனரேட்டர் பக்கம் 11 என்று உறுதியாகிவிடுகிறது. மின்மாற்றியின் விகிதம் வேறு எதற்கும் இடம் கொடுக்காது. ஜெனரேட்டரோ 10.5-க்குச் செய்யப்பட்டது. ஆகவே அதன் ரியாக்டன்ஸை இப்படி மாற்ற வேண்டும்:

```
0.16 × (25/20) × (10.5/11)² = 0.1822
```

மின்மாற்றி 0.1. கம்பியின் அடிப்படை மறிப்பு 43.56 ஓம் என்பதால் கம்பியும் 0.1. மொத்தம் 0.3822. அடிப்படை மின்னோட்டம் 437.4 ஆம்பியர். வகுத்தால் 1144. அந்த வர்க்கத்தை விட்டுவிட்டால் மொத்தம் 0.4 ஆகி 1093 வரும்.

டியூஷன் ஆசிரியர்: அந்த 1093 என்னுடையது. பதினைந்து ஆண்டுகளாக இதே ஊரில் சொல்லிக்கொடுக்கிறேன். 10.5-உம் 11-உம் ஒரே மின்னழுத்த வகுப்பு. ஐந்து விழுக்காட்டுக்காக மாணவர்களைக் குழப்ப வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்: ஐந்து விழுக்காடு வர்க்கமானால் ஒன்பது விழுக்காடு. ஒன்று என்றால் கேள்வியில் எதற்கு இரண்டு எண்களைக் கொடுத்தார்கள்?

ஆலை வயர்மேன்: எங்கள் செம்பனை ஆலையில் 1000 கே.வி.ஏ. மின்மாற்றி, 415 வோல்ட், 5 விழுக்காடு. முழுச் சுமை மின்னோட்டம் 1391 ஆம்பியர். அதை 0.05-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27,800. பிரேக்கரை அதற்கு மேல் வாங்கினோம். உங்கள் அடிப்படை எதுவும் தேவைப்படவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்: தேவைப்பட்டது, தம்பி. மின்மாற்றியின் சொந்த மதிப்பையே அடிப்படையாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரே கருவி என்பதால் அது கண்ணில் படவில்லை. மேலே உள்ள 11 கிலோவோல்ட் வலைக்கு மறிப்பே இல்லை என்றும் வைத்துக்கொண்டீர்கள். அதனால் வந்த எண் உண்மையைவிடக் கூடுதல். பிரேக்கர் வாங்க அது நல்லது. இங்கே இரண்டு கருவிகள் வெவ்வேறு அளவில் நிற்கின்றன.

ஆலை வயர்மேன்: ஆலையில் ஜெனரேட்டரும் இருக்கிறது. அதைச் சேர்த்தால்?

பொலிடெக்னிக் மாணவன்: நான் 10.5-ஐ அடிப்படையாக எடுத்தேன். கம்பிப் பக்கம் 31.5 ஆகிறது. மின்மாற்றியும் கம்பியும் தலா 0.10975, மொத்தம் 0.4195. அடிப்படை மின்னோட்டம் 458.2. பழுதுக்கு முன் மின்னழுத்தம் 1 என்று வைத்தால் 1092 ஆம்பியர்.

டியூஷன் ஆசிரியர்: பார்த்தீர்களா? 1092! நான் சொன்ன 1093-க்கு ஒரு ஆம்பியர்தான் வித்தியாசம். பெரியவர் பதில் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: சொல்கிறேன். அந்தத் தம்பியின் படிகள் சரி. ஆனால் அவர் அடிப்படையில் 1 என்றால் கம்பியில் 31.5 கிலோவோல்ட். நான் 33 என்று வைத்தேன். அவர் 33/31.5, அதாவது 1.0476 என்று எடுத்தால் அவருக்கும் 1144 வரும். அடிப்படையை மாற்றினால் விடை மாறாது. மின்னழுத்தத்தை மாற்றினால்தான் மாறும். உங்கள் 1093 அந்த 1092-ஐத் தொட்டது தற்செயல். பழுதை மின்மாற்றியின் 33 கிலோவோல்ட் முனைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வழியில் 1458, தம்பியின் வழியில் 1479. இப்போது ஏன் பொருந்தவில்லை?

டியூஷன் ஆசிரியர்: கேள்வி கம்பியின் கடைசியைத்தான் கேட்கிறது. அங்கே 1093.

பொலிடெக்னிக் மாணவன்: ஐயா, சுமையில்லாத ஜெனரேட்டர் தன் 10.5-இல் ஓடினால் கம்பியில் 31.5-தானே இருக்கும்? 33 எங்கிருந்து வந்தது? கேள்வியில் அது இல்லையே.

ஓய்வுபெற்ற பொறியாளர்: 33 கிலோவோல்ட் கம்பியை 33-இல் வைத்திருக்க ஜெனரேட்டரின் கிளர்ச்சியைக் கூட்டி 11-க்குக் கொண்டுபோவார்கள். அதனால் 33.

பொலிடெக்னிக் மாணவன்: அது உங்கள் ஊகம். கேள்வியில் எழுதவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்: எழுதாவிட்டால் மாணவர் எழுத வேண்டும். 'பழுதுக்கு முன் கம்பியில் 33 கிலோவோல்ட்' என்று ஒரு வரி. ஆனால் வர்க்கத்தை விடுவதற்கு எந்த ஊகமும் துணை வராது.

டியூஷன் ஆசிரியர்: போன ஆண்டு என் மாணவன் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. உங்கள் மாணவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: அந்தக் கேள்வியிலும் 10.5-உம் 11-உம் இருந்தனவா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

டியூஷன் ஆசிரியர்: மதிப்பெண் கிடைத்தது. அவ்வளவுதான். சனிக்கிழமை வகுப்பிலும் 1093 என்றுதான் எழுதுவேன்.

சுங்கை சிப்புட் மாணவி: நான் 33 என்று எழுதி 1144 போட்டுவிடவா?

ஆலை வயர்மேன்: எங்கள் ஆலை ஜெனரேட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?