ரைல்ஸ் டியூப் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா? ஃபீட் தொடங்கலாமா? அவசரம்

ராத்திரி டியூட்டி
பெங்களூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஐசியூவில் நைட் பார்க்கிறேன். ரேடியாலஜிஸ்ட் காலையில்தான் வருவார், போனும் எடுக்கவில்லை. நோயாளி எழுபது வயது தாண்டிய அம்மா, ஸ்ட்ரோக். ஏற்கெனவே பேஸ்மேக்கர் உண்டு. சாயங்காலம் வலது கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்டோம், அப்புறம் ரைல்ஸ் டியூப். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எக்ஸ்ரே. டியூப் நுனி இடது உதரவிதானத்துக்குக் கீழே தெரிகிறது. காற்று அடித்துக் கேட்டதில் வயிற்றில் சத்தமும் வந்தது. ஆனால் நர்ஸ் ஃபீட் கொடுக்கத் தயங்குகிறார். மகன் எப்போது சாப்பாடு கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தொடங்கலாமா?

பிஜி இரண்டாம் வருடம்
நுனி இடது உதரவிதானத்துக்குக் கீழே, சத்தமும் வந்துவிட்டது, வேறென்ன வேண்டும்? தொடங்குங்கள். நாங்கள் வார்டில் இப்படித்தான் செய்கிறோம்.

ஸ்டாஃப் மேரி
டாக்டர், தொடங்காதீர்கள். அந்த சிஸ்டர் தயங்குவதற்குக் காரணம் இருக்கும், முதலில் அவரிடம் கேளுங்கள். மூக்கில் எத்தனையாவது செ.மீ. குறியில் ஒட்டியிருக்கிறீர்கள்? இழுத்துப் பார்த்தால் என்ன வந்தது? அந்த அம்மா வென்டிலேட்டரில் இருக்கிறாரா, தானாக மூச்சு விடுகிறாரா? பேன்டாப்ரசோல் போகிறதா? இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

மயக்கமருந்து சீனியர்
எக்ஸ்ரேயை நுனியிலிருந்து படிக்கிற பழக்கம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. ஹவுஸ் சர்ஜன்சியில் ரேடியாலஜி பக்கம் போனதே இல்லையா? படத்தை இங்கே போடு தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.

கருப்பு வெள்ளை
படம் போட வேண்டாம். நோயாளியின் பெயரும் ஐடியும் மூலையில் இருக்கும், பொது இடத்தில் அது வேண்டாத வேலை. வார்த்தையில் சொன்னாலே போதும். மேரி சிஸ்டர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கூடவே ஒன்று: டியூப் கரைனாவைத் தாண்டும் இடத்தில் எந்தப் பக்கம் போகிறது? நுனியை விட்டுவிடுங்கள், அந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

சிவாஜிநகர் சேகர்
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குப் போன மாதம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு கம்பி தெரிகிறது. ஒன்று இதயத்தின் அடியில் இடது பக்கமாக முடிகிறது, இன்னொன்று கொக்கி மாதிரி மேலே திரும்பியிருக்கிறது. அந்தக் கம்பி நழுவிவிட்டதா? இந்த அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்குமோ?

ராத்திரி டியூட்டி
வென்டிலேட்டரில் இருக்கிறார், வாய்வழி டியூப். மூக்கில் 50. இழுத்ததில் கொஞ்சம் வெண்மையாக, கொழகொழவென்று வந்தது. பேன்டாப்ரசோல் போகிறது. பிஎச் ஸ்ட்ரிப் இல்லை, லிட்மஸ்தான் இருக்கிறது. டியூப் நடுக்கோட்டில்தான் இறங்குகிற மாதிரி தெரிகிறது. முதுகெலும்பை ஒட்டிக் கோடு நன்றாகவே தெரிகிறது. சிஸ்டர் சொன்னது: ரைல்ஸ் டியூப் போட்டதிலிருந்து வென்டிலேட்டரில் லீக் அலாரம் அடிக்கிறதாம்.

கருப்பு வெள்ளை
அந்த லீக் அலாரத்தை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேச்சே தேவைப்பட்டிருக்காது. ஃபீட் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், மாத்திரை பொடித்துக் கொடுப்பதும் வேண்டாம். இப்போது ஸ்க்ரீன் முன்னால் உட்காருங்கள்.

இந்தப் படத்தில் முதுகெலும்பை ஒட்டிக் கோடுகள் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்கப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஈசிஜி கம்பிகள் உடம்பின் எல்லைக்கு வெளியேயும் நீண்டு போகும், அவற்றை விடுங்கள். அடுத்து பேஸ்மேக்கர். இடது தோளுக்குக் கீழே பெட்டி இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். லீட் எலும்புக்கடியில் நுழைந்து, நடுவைக் கடந்து வலது பக்கம் வந்து, மேல் பெருஞ்சிரை வழியாக முதுகெலும்பின் வலது ஓரத்தை ஒட்டி இறங்கும். அப்புறம் இதயத்தின் அடிப்பகுதியில் இடது பக்கம் திரும்பி, இடது உதரவிதானத்துக்குச் சற்று மேலே முடியும். நீங்கள் 'நடுக்கோட்டில் நன்றாகத் தெரிகிறது' என்று சொல்லும் கோடு இந்த லீட்தானோ என்று சந்தேகப்படுகிறேன். ரைல்ஸ் டியூபின் கோடு உலோகம் அளவுக்கு வெள்ளையாக இருக்காது. இதயத்துக்குப் பின்னால் மங்கிவிடும், சில நேரம் காணாமலே போய்விடும். ஆகவே கண் தானாகவே பளிச்சென்ற கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ரைல்ஸ் டியூப். கழுத்திலிருந்து தொடங்குங்கள். கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட்டு, இதயத்துக்குப் பின்னால் இருப்பது தெரியும் அளவுக்கு வின்டோவைத் திறந்து, விரலை ஸ்க்ரீனில் வைத்து விடாமல் கீழே வாருங்கள். உணவுக்குழாயில் இருக்கும் டியூப் கரைனாவைப் பொருட்படுத்தாது. நேராக அதைக் கடந்து, உதரவிதானம் வரை கிட்டத்தட்ட நடுவிலேயே வந்து, அதற்குக் கீழே போனபிறகுதான் இடது பக்கம் திரும்பும். மூச்சுக்குழாயில் இருப்பது கரைனாவிலேயே திரும்பிவிடும். எங்கே திரும்புகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பிஜி இரண்டாம் வருடம்
ஆனால் சார், நுரையீரலில் இருந்தால் நுனி எப்படி உதரவிதானத்துக்குக் கீழே வரும்? அதுவும் பெரும்பாலும் வலது பக்கம்தானே போகும், அந்தப் பக்கம்தானே செங்குத்தாக இருக்கிறது? அதோடு லிட்மஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

கருப்பு வெள்ளை
வலது பக்கம் அதிகம் போகும் என்பது சரி. அதற்காக இடது பக்கம் போகாது என்று ஆகிவிடாது. உதரவிதானம் என்று நாம் படத்தில் பார்க்கும் வளைவு அதன் உச்சி மட்டும்தான். நுரையீரல் அதற்குப் பின்னால் இன்னும் கீழே, முதுகுப் பக்கம் இறங்குகிறது. இடது கீழ்மடலின் பின்கோடிக்கு டியூப் போய்விட்டால், நேர்ப்படத்தில் நுனி வளைவுக்குக் கீழே, வயிற்றுக் காற்று தெரியும் இடத்தின் மேலேயே விழும். காற்று அடித்தால் சத்தமும் மேல்வயிற்றில் கேட்கும், ஏனென்றால் இரண்டு இடமும் அத்தனை பக்கம். நுனியும் சத்தமும் சேர்ந்து ஏமாற்றுவது இப்படித்தான்.

லிட்மஸ் அமிலமா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. இரைப்பை நீரையும் மூச்சுக்குழாய் நீரையும் பிரித்துக் காட்ட அது போதாது. பிரிட்டனில் காற்றுச் சத்தம், லிட்மஸ் இரண்டையுமே 2005-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிஎச் ஸ்ட்ரிப்பில் 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

ஸ்டாஃப் மேரி
பேன்டாப்ரசோல் போகிறவருக்கு டியூப் வயிற்றிலேயே இருந்தாலும் பிஎச் ஏறித்தான் வரும். அப்போது ஸ்ட்ரிப்பை வைத்துத் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது, எக்ஸ்ரேதான் வழி. இன்னொன்று, இந்த அம்மா இருமமாட்டார். நல்ல நினைவோடு இருப்பவருக்குக் குழாய் தவறிப்போனால் இருமித் துடித்துவிடுவார், நமக்கும் உடனே தெரியும். இவருக்கு வாயில் டியூப், கஃப் ஊதியிருக்கிறது, அதனால் மூச்சுக்குழாய்க்குள் போகாது என்று நினைக்கிறோம். கஃபை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். அந்த லீக்கும் அந்த வழியாகத்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மயக்கமருந்து சீனியர்
ரைல்ஸ் டியூப் முனையில் கேப்னோகிராஃப் மாட்டு, கார்பன் டை ஆக்சைடு வந்தால் விஷயம் முடிந்தது. இதற்கு இவ்வளவு கதை தேவையில்லை. ஆமாம், சென்ட்ரல் லைன் நுனி எங்கே? அதை யாருமே கேட்கவில்லை. கரைனாவுக்குக் கீழே இருந்தால் இழுத்துவிடு.

ராத்திரி டியூட்டி
கரைனாவுக்கு ஒரு முள்ளெலும்பு அளவு கீழே. நார்அட்ரினலின் ஓடுகிறது. ரைல்ஸ் டியூபை இப்போது பார்க்கிறேன்.

கருப்பு வெள்ளை
அந்த லைனை இழுக்காதீர்கள். வலது கழுத்து லைனுக்கு அது நல்ல இடம், மேல் பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதி. பெருஞ்சிரை வலது ஏட்ரியத்தில் சேரும் இடம் கரைனாவுக்குச் சுமார் இரண்டு முள்ளெலும்பு கீழேதான்.

மயக்கமருந்து சீனியர்
கரைனாவுக்குக் கீழே பெருஞ்சிரை பெரிகார்டியத்துக்குள் இருக்கிறது. நுனி அங்கே சுவரைத் துளைத்தால் டாம்பனேட். நீங்கள் படம் மட்டும் பார்க்கிறவர், அதைக் கையாள வேண்டியவன் நான். இந்தத் துறையில் எத்தனை வருடமாக இருக்கிறேன் என்று இங்கே பழையவர்களுக்குத் தெரியும்.

கருப்பு வெள்ளை
அந்தப் பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் மேலே இழுத்தால் ரத்தம் உறைவது அதிகமாகும். இடது பக்க லைனை மேலே நிறுத்தினால் நுனி பெருஞ்சிரையின் பக்கச்சுவரில் போய்க் குத்தி நிற்கும், துளைப்பதற்கு அதுவே காரணமாகலாம். நுனி சுவருக்கு இணையாக, உட்குழியின் நடுவில் இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். கரைனாவுக்கு மேலா கீழா என்பது அதற்கு அடுத்துதான்.

மயக்கமருந்து சீனியர்
அவசரப்பட்டு இரண்டு செ.மீ. இழுத்ததால் யாரும் செத்ததில்லை.

ஸ்டாஃப் மேரி
நார்அட்ரினலின் ஓடும் லைனை நடுராத்திரியில் இழுத்து, பக்கத்துளை சிரைக்கு வெளியே வந்துவிட்டால் யார் பொறுப்பு சார்? இதை நாளை பேசிக்கொள்ளலாமே.

கருப்பு வெள்ளை
சேகர், உங்களை மறக்கவில்லை. இரண்டு லீட் உள்ள பேஸ்மேக்கரில் ஒன்று வலது ஏட்ரியத்தில் அப்படித்தான் கொக்கி போல மேல்நோக்கி வளைந்து நிற்கும், பெரும்பாலும் அதற்காகவே அப்படி வைக்கிறார்கள். வளைவை மட்டும் பார்த்து நழுவிவிட்டது என்று சொல்ல முடியாது. வைத்த அன்று எடுத்த படத்தோடு ஒப்பிடுவதுதான் சரி. இரண்டு படத்தையும் அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போங்கள். தலைசுற்றலோ மயக்கமோ விடாத விக்கலோ இருந்தால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

இதே காரணத்துக்காக, ராத்திரி டியூட்டி, உங்கள் நோயாளியின் பழைய படம் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கழுத்தில் கைடு வயர் விட்டிருக்கிறீர்கள், வயர் லீடில் மாட்டி அதை நகர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு. லீட் முனைகள் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிவாஜிநகர் சேகர்
ரொம்ப நன்றி சார். விக்கல் இல்லை. பழைய படம் வீட்டில்தான் இருக்கிறது.

ராத்திரி டியூட்டி
நீங்கள் சொன்ன மாதிரி பெட்டியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். நடுவில் நான் பார்த்தது லீட்தான். ரைல்ஸ் டியூப் கரைனாவில் இடது பக்கம் திரும்பி, இதயத்துக்குப் பின்னால் மங்கலாக இறங்குகிறது. கேப்னோகிராஃபிலும் அலை வந்தது. எடுத்துவிட்டோம், லீக் அலாரம் நின்றது. லாரிங்கோஸ்கோப் வைத்துப் பார்த்தே வேறு டியூப் போட்டோம், 58-இல் ஒட்டியிருக்கிறது. புதுப் படத்தில் கரைனாவை நேராகக் கடந்து, உதரவிதானத்துக்குக் கீழே போய்த்தான் இடது பக்கம் திரும்புகிறது. நுனிக் குண்டுகளும் அங்கேயே தெரிகின்றன. ஃபீட் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த பெட்டில் கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் நன்றி.

கருப்பு வெள்ளை
நல்லது. அந்தப் புதுப் படத்தில் இடது நுரையீரலின் அடியில் காற்று சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? டியூப் அத்தனை ஆழம் போயிருந்தால் ப்ளூராவைக் கிழித்திருக்கலாம். டியூப் உள்ளே இருக்கும்வரை ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும், எடுத்தபிறகுதான் நியூமோதோராக்ஸ் வெளிப்படும். படுத்திருப்பவருக்குக் காற்று உச்சியில் தெரியாது, இடது கீழ்மூலை வழக்கத்தைவிடக் கறுத்து ஆழமாகத் தெரியும். வென்டிலேட்டர் அழுத்தத்தில் இருக்கிறார், சின்னதாக இருந்தாலும் சீக்கிரம் பெரிதாகும். சில மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள், அதுவரை ஏர்வே பிரஷரையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிஜி இரண்டாம் வருடம்
சார், வாய்வழி டியூப் இல்லாதவர்களுக்கும் எடுத்தபிறகு படம் எடுக்க வேண்டுமா?

கருப்பு வெள்ளை
நுரையீரலுக்குள் ஆழமாகப் போயிருந்தால், ஆமாம்.

மயக்கமருந்து சீனியர்
சென்ட்ரல் லைனை இழுத்தாயா இல்லையா?

ஸ்டாஃப் மேரி
டாக்டர், புதுப் படத்தில் இடது அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.